பதினொரு மணி நேர ஓய்வு, ஆனாலும் விதிமீறல்

கப்பலில் பயிற்சி கேடட்டாக என் முதல் வாட்ச், அதாவது காவல் பணி முறை, நாலு-எட்டு: காலை 4 முதல் 8, மாலை 4 முதல் 8. நடுவே டெக் வேலை 9 முதல் 12, மறுபடி 1 முதல் 3. ஓய்வைக் கூட்டினால் 11 மணி நேரம். கப்பல் பணியாளர்களுக்கான ஓய்வு விதி கேட்பது 10தான், ஆனாலும் இந்த அட்டவணை தவறு.

24 மணி நேரத்துக்குள் ஓய்வு இரண்டு துண்டுகளுக்கு மேல் உடையக் கூடாது. அதில் ஒன்று தொடர்ச்சியாக 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். என் கணக்கில் இரவு 8 மணி நேரமும் பகலில் ஒரு மணி நேரமும்தான் சேரும், அதாவது 9. மீதி ஒரு மணித் துண்டுகள் கணக்கிலேயே வராது.

உண்மையான நேரத்தை ஓய்வுப் பதிவேட்டில் எழுதி சீஃப் ஆபீஸரிடம் காட்டினேன். மதிய வேலை நின்றது. 12 முதல் 4 முழு ஓய்வு; இரவு 8 மணி நேரத்தோடு சேர்த்தால் கணக்கில் வரும் ஓய்வு 12 மணி நேரம். பதிவேட்டில் 'சரிக்கட்டி' எழுதினால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது; தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

வீட்டு ஏக்கம் இரவு 8 மணிக்கு மேல்தான் அழுத்தும். அப்போது போன் பேசினால் தூக்கம் பத்தரைக்குத் தள்ளிப்போகும், மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். அதனால் வீட்டுப் பேச்சை மதியச் சாப்பாடு முடிந்ததும் வைத்துக்கொண்டேன். கிழக்கே போகையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் இரவுகளில் தூக்கம் ஒரு மணி நேரம் குறையும்; அன்று மதியமே தூங்கிவிடுவேன்.