லத்தீன் பள்ளி முழக்கத்தைத் தமிழாக்குவது: ஐந்து சொல், நான்கு படி

ஐரோப்பாவில் பல பள்ளிகளில் காணப்படும் ஒரு லத்தீன் முழக்கத்தை எடுத்துக்கொள்வோம்: "நோன் ஸ்கோலே செட் வீத்தே டிஸ்கிமுஸ்". லத்தீன் தெரியாதவர்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

படி 1: சொல்லுக்குச் சொல் பிரியுங்கள்.
நோன் – அல்ல. ஸ்கோலே – பள்ளிக்கு. செட் – மாறாக. வீத்தே – வாழ்வுக்கு. டிஸ்கிமுஸ் – கற்கிறோம்.

படி 2: வேற்றுமையைப் பாருங்கள்.
'ஸ்கோலே' என்ற அதே வடிவம் 'பள்ளியின்' என்றும் பொருள்படும். ஆனால் 'பள்ளியின் கற்கிறோம்' என்றால் வாக்கியம் நிற்காது. ஆகவே இது நான்காம் வேற்றுமை. வெறும் 'கு' போட்டால் பள்ளிக்குப் போவது போலத் தொனிக்கும். 'பொருட்டு' என்ற பொருள் தெளிவாக வர 'க்காக' வேண்டும்: பள்ளிக்காக, வாழ்வுக்காக.

படி 3: மறுப்பை அதன் இடத்தில் வையுங்கள்.
'நோன்' மறுப்பது பள்ளியை, கற்பதை அல்ல. அதனால் 'பள்ளிக்காகக் கற்கவில்லை' என்பதைவிட 'பள்ளிக்காக அல்ல' என்பதே நெருக்கம். 'பள்ளிக்காக மட்டும் அல்ல' என்று மென்மையாக்கத் தோன்றும். அந்த 'மட்டும்' மூலத்தில் இல்லை, வேண்டாம்.

படி 4: வினைமுற்று.
அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் முதலில் 'கற்போம்' என்றுதான் எழுதினேன், ஏனென்றால் முழக்கம் என்றாலே அப்படித்தான் கை போகிறது. ஆனால் 'கற்போம்' ஓர் அழைப்பு. அதற்கு லத்தீனில் 'டிஸ்காமுஸ்' என்று தனி வடிவம் உண்டு. 'டிஸ்கிமுஸ்' நிகழ்காலம், உள்ளதைச் சொல்வது: கற்கிறோம். எழுவாய் சேர்க்கவும் தேவையில்லை. லத்தீனைப் போலவே தமிழிலும் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ போட்டால், கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்று மூலம் சொல்லாத ஒன்றை நாம் முடிவு செய்தவர்களாவோம்.

சரி, இப்போது முழு வரி:

பள்ளிக்காக அல்ல, வாழ்வுக்காகக் கற்கிறோம்.

'வாழ்வுக்காகவே' என்றால் ஓசை இன்னும் அழுத்தமாகும்தான். ஆனால் 'அல்ல' ஏற்கெனவே எதிர்நிலையைக் காட்டிவிட்டதால் நான் ஏகாரத்தை விட்டுவிட்டேன்.

சரிபார்ப்பது எப்படி?
இந்த முழக்கத்துக்கென்றே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமானிய தத்துவ அறிஞர் செனெக்கா, லூசிலியுஸுக்கு எழுதிய 106ஆம் கடிதத்தில் இதைத் தலைகீழாகத்தான் எழுதினார்: வாழ்வுக்காக அல்ல, பள்ளிக்காகக் கற்கிறோம். அது ஒரு குறைகூறல். பிற்காலத்தவர் இரண்டு பெயர்ச்சொற்களையும் இடம் மாற்றி முழக்கமாக்கினார்கள், வினையைத் தொடவில்லை. உங்கள் தமிழ் வரியிலும் அதே இரு சொற்களை மாற்றிப் பாருங்கள். செனெக்காவின் குறை அப்படியே கிடைக்க வேண்டும். 'கற்போம்' என்று வைத்திருந்தால், 'வாழ்வுக்காக அல்ல, பள்ளிக்காகக் கற்போம்' என்று, அவர் வருந்திய அதே காரியத்துக்கு ஆள் கூப்பிடும் வரி வந்து நிற்கும்.