'ரோமான் த லா ரோஸ்': காதலி எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கியோம் த லோரிஸ் 1230 வாக்கில் பழைய பிரெஞ்சில் எழுதிய 'ரோமான் த லா ரோஸ்' என்ற நெடுங்கவிதையின் முதல் நாலாயிரம் வரிகளைப் படித்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "காதல் கதை என்கிறார்கள், காதலியையே காணோமே?" கனவில் ஒரு இளைஞன் தோட்டத்துக்குள் நுழைகிறான், ஒரு ரோஜா மொட்டின் மேல் ஆசைப்படுகிறான், விரட்டப்படுகிறான். அவன் காதலிக்கும் பெண் ஒருமுறைகூட நேரில் வந்து பேசுவதில்லை. ஆனால் அவள் கதை முழுக்க இருக்கிறாள். அவளைத் தேடிப் பிடிக்கும் வழி இதோ.

படி 1: எதைப் படிப்பது

ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு போதும். சார்ல்ஸ் டால்பெர்க் செய்ததில் குறிப்புகள் அதிகம்; பிரான்சஸ் ஹோர்கன் செய்தது சரளமாக ஓடும். செய்யுள் மொழிபெயர்ப்பு முதல் வாசிப்புக்கு வேண்டாம் என்பேன், எதுகைக்காகச் சொற்கள் இடம் மாறிவிடும். பாத்திரப் பெயர்களை மட்டும் பிரெஞ்சிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுப்பின் உருவமான 'டான்ஜியே' என்ற காவலாளி ஒரு பதிப்பில் 'ரெசிஸ்டன்ஸ்', இன்னொன்றில் 'ரிபஃப்', சாசர் கால ஆங்கிலத்தில் 'டாஞ்சர்'. மூன்று பேர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், ஒரே ஆள்தான்.

படி 2: பயணத்தை ஒரு தாளில் வரையுங்கள்

மே மாதக் காலை, ஓடையில் முகம் கழுவுதல், மதில், சிறு கதவு, நடனம், நீரூற்று, ரோஜாப் புதர், வேலி. இடம் மாறும்போதெல்லாம் "இங்கே இவனை விட்டது யார், தடுத்தது யார்?" என்று எழுதுங்கள்.

மதிலிலேயே பலன் தெரியும். அதன் வெளிப்புறத்தில் பத்து உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. வெறுப்பு, பேராசை, கஞ்சத்தனம், பொறாமை இருப்பது புரிகிறது. அவற்றோடு முதுமையும் வறுமையும் ஏன்? அவை பாவங்கள் அல்லவே. ஆகவே இது பாவப் பட்டியல் இல்லை, அரசவைக் காதலுக்குள் யாருக்கு இடமில்லை என்ற பட்டியல். கதவைத் திறப்பவள் வாசேஸ், அதாவது சும்மா இருத்தல். கையில் கண்ணாடி, தலை சீவி அலங்கரித்துவிட்டால் அவளுக்கு அன்றைய வேலை முடிந்தது. பிழைப்புக்கு உழைக்க வேண்டியவனுக்கு அவள் கதவைத் திறக்கப்போவதில்லை.

அடுத்து நார்சிசஸ் இறந்த நீரூற்று. அடியில் இரண்டு படிகங்கள், அவற்றில் தோட்டமே தெரிகிறது. ரோஜாப் புதரை அவன் முதலில் பார்ப்பது அந்தப் பிரதிபலிப்பில்தான். அதன் பிறகே காதல் தெய்வத்தின் அம்பு கண் வழியாக இதயத்தில் பாய்கிறது. படிகங்கள் அவளுடைய கண்கள் என்பார்கள் சிலர், அவனுடையவை என்பார்கள் வேறு சிலர். இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 3: "இது யாருக்குள் இருக்கிறது?"

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். பெயரை மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். 'ஓந்த்' என்றால் நாணம், 'பேர்' என்றால் அச்சம், சரி. யாருடைய நாணம்?

இலக்கிய அறிஞர் சி. எஸ். லூயிஸ் 1936-இல் தெளிவாகச் சொன்ன வழி உதவும்: காதலி கதையில் இல்லாமல் இல்லை, பல ஆட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறாள். தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அவனுக்குள், அவளுக்குள், இருவருக்கும் வெளியே. ஒவ்வொரு உருவமும் பேசும்போது எதில் சேரும் என்று பாருங்கள். என் தாளில் 'பெல் அக்கேய்' எனும் இன்முக வரவேற்பு, நாணம், அச்சம், டான்ஜியே எல்லாம் அவளுக்குள். புறங்கூறும் 'மால்புஷ்' வெளியே, ஊர்வாய். 'ஜலூசி' அவளைக் கண்காணிக்கும் உறவினர். அகப்பாடல் படித்தவர்களுக்கு அலரும் இற்செறிப்பும் நினைவுக்கு வரும். நினைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இந்தத் தோட்டத்துக்கு வேறு சட்டம்.

இங்கே ஒரு இடறல். பெல் அக்கேய் ஒரு வாலிபனாக வருகிறான். பெண்ணின் மனப்பாங்கு ஏன் ஆண்? பிரெஞ்சில் அந்தப் பெயர்ச்சொல் ஆண்பால், அங்கிருந்து வந்தது. ஓவியர்களுக்கும் இது சிக்கல்தான் போல. சில சுவடிகளில் பெல் அக்கேயைப் பெண்ணாகவே வரைந்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பிரான்சின் தேசிய நூலகமும் சேர்ந்து இணையத்தில் வைத்திருக்கும் சுவடிகளைப் புரட்டிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

படி 4: ஒரு காட்சியில் பரிசோதியுங்கள்

பெல் அக்கேய் இளைஞனை வேலி தாண்டி உள்ளே அழைக்கிறான். ஒரு இலையைக்கூடப் பறித்துத் தருகிறான். தைரியம் வந்த இளைஞன் மொட்டையே கேட்டுவிடுகிறான். பெல் அக்கேய் திடுக்கிடுகிறான். மறைந்திருந்த டான்ஜியே துள்ளி எழுகிறான்: கறுத்த, ரோமம் அடர்ந்த பெரிய உருவம், தீயாய்ச் சிவந்த கண்கள். பெல் அக்கேய் ஓடிவிடுகிறான்.

ஆட்களை எடுத்துவிட்டு ஒரே பெண்ணாக வாசியுங்கள். அவள் இனிமையாகப் பேசினாள். அவன் அளவுக்கு மீறிக் கேட்டான். அவள் முகம் மாறியது. அந்த நொடி இரண்டு ஆட்களாகப் பிளந்து நடிக்கப்படுகிறது. முன்பு சிரித்தவளும் இப்போது சீறுபவளும் ஒருத்தியே என்பது பிடிபட்டால், பிற்பாடு வருவதும் தானாக விளங்கும். நண்பனின் யோசனைப்படி இளைஞன் டான்ஜியேயிடம் மன்னிப்புக் கேட்கிறான், கோபம் தணிகிறது. பிறகு வீனஸ் தீப்பந்தத்தோடு வருகிறாள், முத்தம் கிடைக்கிறது. மால்புஷ் ஊரெல்லாம் சொல்கிறான். தூங்கிக்கொண்டிருந்த டான்ஜியேயை நாணமும் அச்சமும் போய் எழுப்புகிறார்கள். அதாவது ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் அவளே தன்னைத் திட்டிக்கொள்கிறாள். ஜலூசி கோட்டை கட்டி பெல் அக்கேயைச் சிறை வைக்கிறாள். ரோஜாவைப் பூட்டியதைவிட இது கொடுமை: அவள் சிரிப்பையே பூட்டிவிட்டார்கள்.

எல்லாம் பத்திக்குள் அடங்காது. டான்ஜியேயைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. கோபுரத்திலிருந்து இறங்கி வந்து புத்தி சொல்லும் 'ரேசோன்' எனும் அறிவு அவனுடைய அறிவா, எல்லோருக்கும் பொதுவானதா? கவிதையில் அவளைப் படைத்தவர் கடவுளே என்கிறார்கள். நான் அவளைக் கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறேன்.

பிற்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், "கோட்டைக்குப் பிறகு இந்த முறை வேலை செய்யவில்லை" என்று எழுதியிருந்தார். செய்யாது. கியோம் நிறுத்திய இடத்திலிருந்து சுமார் நாற்பது ஆண்டு கழித்து ழான் த மென் தொடர்கிறார், பதினேழாயிரம் வரிகளுக்கு மேல். அங்கே பயணம் நின்றுவிடும், உருவங்கள் ஆயிரக்கணக்கான வரிகள் சொற்பொழிவு ஆற்றும். அந்தப் பகுதியில் பத்தியை மாற்றுங்கள்: பேசுவது யார், யாரிடம், இதனால் பேசுபவருக்கு என்ன லாபம்.

இன்னொருவர் கேட்டது மால்புஷ் சாகும் காட்சி. 'ஃபோ சம்ப்லான்', பொய்த்தோற்றம், யாத்திரீகத் துறவி வேடத்தில் வந்து அவனைப் பாவமன்னிப்புக்கு மண்டியிட வைத்து, கழுத்தை நெரித்து நாக்கை அறுக்கிறான். இதற்குப் பழைய மூன்று பத்தியே போதும். மால்புஷ் வெளியே இருக்கும் ஊர்வாய். அதை அடைத்தது உண்மையோ காதலோ இல்லை, பக்தி வேஷம். அதன் பிறகுதான் கோட்டைக்குள் போக வழி பிறக்கிறது.