கதையில வசனம் பேச்சுத்தமிழ், விவரிப்பு எழுத்துத்தமிழ்: தையல் தெரியிற இடங்கள்

நான் முதமுதல்ல எழுதுன கதைய ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், ரெண்டு மாசம் கழிச்சு திரும்பி வந்துச்சு, ஓரத்துல பென்சில்ல ஒரே வரி, "ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை". அப்ப கோவம்தான் வந்துச்சு. கதை நடக்குறது நீடாமங்கலம் பக்கம், ஆசிரியரும் நீடாமங்கலம் பக்கம்தான், இதுல எங்க நிக்கிறதாம்? ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, இதழ்க்காரர் கேட்டது ஊரை இல்ல, மொழிய. அந்தக் கதையோட ஆரம்பத்த அப்படியே தர்றேன், வெக்கமாத்தான் இருக்கு.

*கோடை வெயிலில் வாய்க்கால் வறண்டு காணப்பட்டது. கோவிந்தன் மடைகிட்ட போயி நின்னான். "தண்ணீர் எப்பொழுது வருமுன்னு தெரியலையே மாமா, ஆனால் நாற்றெல்லாம் காய்ஞ்சு போகிறதே" என்று வினவினான். ரெங்கசாமி மாமா துண்டை உதறி தோளில் போட்டுக்கிட்டு, "நேற்று மதகை அடைச்ச மேலக்கரை ஆளுங்களைப் போய் கேளுடா" என்று கூறினார். அவனுக்கு கோவம் வந்துச்சு. இவரு ஏன் இப்படி பேசுறாரு என்று நினைத்தான்.*

இத எங்க அப்பாயிகிட்ட படிச்சுக் காட்டினப்ப அது வெத்தல இடிக்கிறத நிறுத்திட்டு "ஏன் நடுநடுவ ரேடியோ பேசுது"ன்னு கேட்டுச்சு. அந்த ஒரு கேள்விய வச்சே முழுசும் பாக்கலாம்.

முதல்ல விவரிப்ப பாருங்க. முத வாக்கியத்துல "காணப்பட்டது", அடுத்ததுல "நின்னான்". ஒருத்தரு மேடையில நின்னு பேசுறாரு, அடுத்த நொடி திண்ணையில உக்காந்து பேசுறாரு, ஆனா ரெண்டும் ஒரே ஆளாம். இதுல நிறைய பேரு நினைக்கிறது "நின்னான்" மட்டும்தான் தப்பு, அத "நின்றான்" ஆக்கிட்டா முடிஞ்சுதுன்னு. இல்லீங்க, "காணப்பட்டது"ம் தப்புதான். வசனம் அவ்வளவு கீழ எறங்கி மண்ணுல நிக்கும்போது விவரிப்பு செய்தி வாசிக்கிற உயரத்துல இருந்தா நடுவுல படியே இல்லாம போயிடுது, வாசகன் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் ஏறி எறங்கணும். "காணப்பட்டது"க்கு "கிடந்தது", "வினவினான்"க்கு "கேட்டான்", "கூறினார்"க்கு "சொன்னார்". எல்லாமே எழுத்துத்தமிழ்தான், எலக்கணம் எதுவும் ஒடையல, ஆனா பேச்சுல இருக்குற அதே வேர்ச்சொல்லு. கிடந்தது, கெடந்துச்சு. சொன்னார், சொன்னாரு. ரெண்டுக்கும் நடுவுல அரை அடிதான் இருக்கும், கண்ணு அத தாண்டுறதே தெரியாது.

பெயர்ச்சொல்லும் அப்படித்தான். மடை, மதகு, தாளடி, கொல்லை, நாற்றங்கால், இதெல்லாம் விவரிப்புலயும் தாராளமா வரலாம், வரணும். கதாபாத்திரம் "கொல்லைப்பக்கம் போயிருக்காரு"ன்னு சொல்ல, கதாசிரியர் "வீட்டின் பின்புறத்தில்"னு எழுதினா ரெண்டு பேரும் வேற வேற வீட்டப் பத்தி பேசுற மாதிரி இருக்கும். ஊரோட பெயர்ச்சொல்ல விவரிப்புக்குள்ள எடுத்துக்கலாம், ஊரோட வினை வடிவத்த மட்டும் மேற்கோளுக்கு வெளிய விடக்கூடாது. நான் இப்ப வச்சிருக்குற கோடு இவ்வளவுதான்.

இப்ப வசனத்துக்கு வருவோம். "எப்பொழுது", "ஆனால்", "போகிறதே" எல்லாம் கண்ணுல படுற தப்பு, மாத்திடலாம். கண்ணுல படாத தப்பு மாமா பேசுறதுல இருக்கு: "நேற்று மதகை அடைச்ச மேலக்கரை ஆளுங்களைப் போய் கேளுடா". இதுல "நேற்று"ன்றத "நேத்து"ன்னு மாத்திட்டா கூட சரியாகாது, ஏன்னா வாக்கியத்தோட கட்டுமானமே எழுத்துத்தமிழ். பெயருக்கு முன்னாடி வர்ற எல்லா சேதியையும் ஒரு பெயரெச்சத்துல அடுக்கி, கடைசியில பெயர வச்சு, அதுக்கப்பறம் வினை. எழுதுறவன் அப்படி அடுக்குவான், அவனுக்கு நேரம் இருக்கு. சின்ன பெயரெச்சம்னா பேச்சுலயும் வரும்தான், ஆனா கோவத்துல பேசுறவரு இவ்வளவு சேதிய முன்னாடியே கட்டி வச்சுக்க மாட்டாரு, ஒடச்சு ஒடச்சு போடுவாரு: "நேத்து மதகை அடச்சானுவல்ல மேலக்கரை ஆளுவ, அவனுவளைப் போயி கேளு." முதல்ல சம்பவம், அப்பறம் யாருன்னு ஒரு ஒட்டு, அப்பறம் "அவனுவ"ன்னு திரும்ப புடிச்சு கட்டளை. அந்த "ல்ல" தான் இங்க முக்கியமான ஜாயிண்ட்டு, "உனக்கும் தெரியுமே"ன்னு எதிராளியையும் உள்ள இழுத்துக்குது. விகுதிய மட்டும் கொச்சையாக்கிட்டு வாக்கியத்த அப்படியே விட்டா, ஆபீஸ் சுற்றறிக்கைக்கு லுங்கி கட்டிவிட்ட மாதிரிதான் இருக்கும்.

அதுக்காக காதுல விழுந்ததெல்லாம் எழுத்தாக்கவும் முடியாது, அங்கதான் அடுத்த குழி. பேசும்போது "வந்தான்"ல கடைசி ன் மூக்குல போயி கரைஞ்சுடும், "வந்தாள்"ல ள் விழுந்துடும், "வந்தால்"லயும் ல் விழுந்துடும். காதுக்கு முதல் ஒண்ணு மூக்கொலியால தனியா தெரியும், மத்த ரெண்டும் இழுக்குற இழுப்புல பிரியும். ஆனா எழுத்துல மூணுமே "வந்தா". "அவ வந்தா"ன்னு ஒரு வசனத்த முடிச்சீங்கன்னா வாசகன் "வந்தா என்ன?"ன்னு காத்துக்கிட்டு நிப்பான். நான் ஆண்பாலுக்கு ன் எப்பவும் விடுறதில்ல, பெண்பாலுக்கு ள் விட்டுடுவேன், வாக்கியம் அங்கயே முடியுதுன்னா "வந்துட்டா"ன்னோ "வந்தாளே"ன்னோ போட்டுடுவேன், சந்தேகமே வராது. இன்னொண்ணு, "மதகை"ன்றத "மதக"ன்னு எழுதலாமான்னு ரொம்ப நாள் குழம்பினேன். தேவையில்ல. சொல்லோட கடைசியில வர்ற ஐ ஒலியில குறுகிடும்னு நம்ம இலக்கணமே சொல்லுது, ஐகாரக்குறுக்கம்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். "மதகை"ன்னு எழுதினாலும் வசனத்துல வாசகன் தானா குறுக்கித்தான் படிப்பான், அவன் வேலைய நாம செய்ய வேணாம்.

அப்ப எதத்தான் காதுக்கு விழுற மாதிரி எழுதுறது? ஒரு ஆளுக்கு நாலஞ்சு வடிவம் போதும். ரெங்கசாமிக்கு நான் எடுத்தது "போவுது", "ஆளுவ", "வூட்டுல", "செத்த இரு", இவ்வளவுதான், இத அவரு வாயில எங்கயும் மாத்துறதில்ல. பாலிடெக்னிக் படிக்கிற கோவிந்தன் "போவுது" சொல்லுவான், ஆனா "வீட்டுல"தான். மன்னார்குடியில அவன் கிளாஸ்ல இருக்குற அக்ரஹாரத்துப் பையன் "பாத்துண்டு" சொல்லலாம், கோவிந்தன் சொன்னா "பாத்துக்கிட்டு"தான். கதையில ஒரே ஆளு நாலாம் பக்கம் "பாத்துக்கிட்டு", ஒம்பதாம் பக்கம் "பாத்துண்டு"ன்னா அது ஆளே மாறிப்போச்சு. இதவிட மோசம், கிராமத்து வாசனை வேணும்னு திருவாரூர்க்காரர் வாயில "ஏலே"ன்னு திருநெல்வேலிய போடுறது. எங்க பக்கம் படிக்கிறவங்க அங்கயே புத்தகத்த மூடிடுவாங்க.

ஆனா ஒண்ணு, மாமாவே வேளாண்மை ஆபீசர் முன்னாடி நின்னா "தண்ணி இன்னும் வரலைங்க சார், கடைமடைக்கு எப்பதான் வரும்"னு கொஞ்சம் திருத்திப் பேசுவாரு. அது தப்பில்ல, அதான் நிஜம். பேசுற ஆளு எதிராளியப் பாத்து மாறலாம், விவரிக்கிறவரு யாரப் பாத்தும் மாறக்கூடாது.

கடைசியா இருக்குறது எனக்கு ரொம்ப நாள் புடிபடாத எடம், மனசுக்குள்ள ஓடுற எண்ணம். "இவரு ஏன் இப்படி பேசுறாரு என்று நினைத்தான்." மேற்கோள் குறி இல்ல, ஆனா உள்ள பேச்சுத்தமிழ், முடிவுல "என்று நினைத்தான்". அது கோவிந்தன் குரலா, என் குரலா? முழுசா அவன் குரல்னா மேற்கோள் போட்டு "இவரு ஏன் இப்படிப் பேசுறாரு?"ன்னு தனியா விட்டுடலாம். பேச்சுத்தமிழ் இல்லாமலும் அவன் மனசுக்குள்ள போக ஒரு வழி இருக்கு, அததான் நாம மறந்துடுறோம். விகுதிய எழுத்துத்தமிழ்லயே வச்சுட்டு, சுட்டுச்சொல்லையும் காலத்தையும் மட்டும் அவன் நிக்கிற எடத்துலேருந்து எழுதுறது. "அவர்" இல்ல "இவர்", "முந்தைய நாள்" இல்ல "நேற்று", அதோட ஒரு "தானே". நெருக்கம் வர்றது இந்த சின்ன சொல்லுங்களாலதான், "பேசுறாரு"ன்ற விகுதியால இல்ல. திருத்தி எழுதினது இது:

*வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கோவிந்தன் மடைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.*

*"தண்ணி எப்ப மாமா வரும்? நாத்தெல்லாம் காஞ்சு போவுது."*

*ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என்னைய கேட்டா? நேத்து மதகை அடச்சானுவல்ல மேலக்கரை ஆளுவ, அவனுவளைப் போயி கேளு."*

*கோவிந்தனுக்குக் கோபம் வந்தது. இவர் ஏன் இப்படிப் பேசுகிறார்? நேற்று அவர்கள் அடைக்கும்போது பக்கத்தில்தானே நின்றார்.*

"என்று கேட்டான்", "என்று சொன்னார்" ரெண்டுமே போயிடுச்சு பாருங்க. யாரு பேசுறாங்கன்னு "மாமா"வும் துண்டும் சொல்லிடுச்சு. "என்று" வந்தாலும் குத்தமில்ல, அது விவரிக்கிறவரோட சொல்லு, மேற்கோளுக்கு வெளிய எழுத்துத்தமிழா நிக்கலாம். மேற்கோள் முடிஞ்சதும் "ன்னு சொன்னார்"னு பாதி ஒட்டுறதுதான் சிக்கல், அதுல "ன்னு" பேச்சு, "சொன்னார்" எழுத்து.

கதைய முழுசா "நான்"னு ஒருத்தன் பேச்சுத்தமிழ்லயே சொல்றான்னா இந்தக் கோடெல்லாம் கிடையாது, அங்க அவன் பேச்சும் மத்தவங்க பேச்சும் பிரியிற மாதிரி பாத்துக்கணும், அது தனிக் கதை.

எழுதி முடிச்சப்பறம் நான் பண்றது ஒரு மொரட்டு வேலைதான், கம்ப்யூட்டர்ல Ctrl+F போட்டு "க்கிட்டு", "ன்னு", "ச்சு" மூணையும் தேடுவேன், மேற்கோளுக்கு வெளிய எங்க வந்தாலும் நிப்பேன். அப்பறம் "ஆனால்", "கொண்டு", "கிறது" தேடி, மேற்கோளுக்கு உள்ள இருந்தா நிப்பேன். "மூச்சு", "பேச்சு" எல்லாம் சேர்ந்து மாட்டும், தாண்டிப் போக வேண்டியதுதான். போன வாரம் முடிச்ச கதையில "போட்டுக்கிட்டு" மட்டும் நாலு எடத்துல வெளிய கெடந்துச்சு, நாலுமே மாமா துண்டு போடுற எடம்.