கூட்டிப் பார்த்தால் 102 வருகிறதா? சதவீத அட்டவணையில் கை வைக்கும் முன்

அறிக்கையின் வரைவு கூட்டத்துக்குப் போகும். யாராவது ஒருவர் கைபேசியில் கணிப்பானைத் திறந்து சதவீதங்களைக் கூட்டிப் பார்த்து, "இது 102 வருதே, பிழை போல" என்பார். அடுத்த பத்து நிமிடத்துக்குள் செய்யப்படும் "திருத்தம்" பெரும்பாலும் சரியாக இருந்த அட்டவணையைப் பிழையாக்கிவிடும். அந்தத் திருத்தங்களைப் பற்றியே இக்குறிப்பு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கரையோரம் ஒரு கிராம சேவகர் பிரிவு, 180 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் பிரதான வாழ்வாதாரம் எதுவென்று கேட்டு, ஒரே ஒரு விடையை மட்டும் பதிந்திருக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நாம் போட்டவை, எந்த ஊரின் தரவும் அல்ல.

| வாழ்வாதாரம் | குடும்பங்கள் | சரியான சதவீதம் | மட்டந்தட்டியது |
|---|---|---|---|
| வேளாண்மை | 55 | 30.556 | 31 |
| மீன்பிடி | 46 | 25.556 | 26 |
| கூலித் தொழில் | 37 | 20.556 | 21 |
| சிறு வியாபாரம் | 19 | 10.556 | 11 |
| அரச தொழில் | 12 | 6.667 | 7 |
| ஏனையவை | 11 | 6.111 | 6 |
| மொத்தம் | 180 | 100 | ? |

கடைசி நிரலைக் கூட்டினால் 102. எங்கும் பிழை இல்லை. வேளாண்மை 30.556 இலிருந்து 31 ஆக ஏறியபோது 0.444 கூடியது. மீன்பிடி, கூலித் தொழில், சிறு வியாபாரம் மூன்றிலும் அதே அளவு கூடியது. அரச தொழிலில் 0.333 கூடியது. ஏனையவையில் மட்டும் 0.111 குறைந்தது. கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்தால் மீதி சரியாக 2. வழக்கமாக ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். இங்கே ஆறில் ஐந்து மேலே ஏறியதால் ஈடுசெய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

முதல் தவறு: "ஏனையவை"யில் கழிப்பது

மிகவும் பரவலான பழக்கம் இதுதான். கூடியிருக்கும் 2 ஐ யாரும் கவனிக்காத வரிசையில் கழித்துவிடுவார்கள். 6 என்பது 4 ஆகும், கூட்டுத்தொகை 100 ஆகும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் 180 இல் 4 சதவீதம் என்பது 7.2 குடும்பங்கள். உண்மையில் இருப்பவை 11. அந்தப் பிரிவின் மூன்றில் ஒரு பங்கைக் காணாமலாக்கியிருக்கிறோம். சின்னப் பிரிவில் 2 சதவீதம் என்பது சின்ன அளவு அல்ல. அதுமட்டுமல்ல, ஆறு பிரிவுகளிலும் மட்டந்தட்டும்போது கீழே இறங்கிய ஒரே பிரிவு இதுதான். கூட்டுத்தொகையை ஏற்றிவிட்டதில் பங்கே இல்லாத வரிசைக்குத் தண்டனை கிடைக்கிறது.

பெரிய பிரிவில் கழித்தால் பாதிப்பு சற்றுக் குறைவு. வேளாண்மையை 29 என்று போட்டால் 52.2 குடும்பங்கள் வரும், இருப்பவை 55. ஆனாலும் அது பிழையான எண்தான். 55 ஐ 180 ஆல் வகுத்துப் பார்க்கும் எவருக்கும் 31 தான் வரும், 29 வராது.

இரண்டாவது தவறு: தசமதானத்தைக் கூட்டினால் போய்விடும் என்று நம்புவது

ஒரு தசமதானத்துக்கு மட்டந்தட்டிப் பார்ப்போம்: 30.6, 25.6, 20.6, 10.6, 6.7, 6.1. கூட்டினால் 100.2. இரண்டு தசமதானங்களுக்குப் போனால் 100.02. வித்தியாசம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறதே தவிர மறையவில்லை. (102, 100.2, 100.02 என்று இவ்வளவு அழகாக வரிசைப்படுவது, 180 ஆல் வகுக்கும்போது 5, 6, 1 என்ற இலக்கங்கள் முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதால். எல்லா அட்டவணையிலும் இப்படி நேராக வராது.) அதோடு, 180 குடும்பங்களில் ஒரு குடும்பமே 0.56 சதவீதம். அந்த நிலையில் 30.56 என்று எழுதுவது, தரவில் இல்லாத நுணுக்கம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதே. இந்த அளவு மாதிரிக்கு முழு எண்ணோ, மிஞ்சினால் ஒரு தசமதானமோ போதும்.

மூன்றாவது தவறு: எக்செல் 100 காட்டுகிறது, வேர்ட் 102 காட்டுகிறது என்று குழம்புவது

எக்செலில் சதவீதத்தை இப்படிக் கணித்து, தசமதானம் இல்லாமல் காட்டும்படி அமைத்திருப்பீர்கள்:

```
=B2/SUM(B$2:B$7)
```

கலத்தில் 31% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.30555… தான். அதனால் கீழே SUM போட்டால் 100% வரும், அது சரியான விடை. அட்டவணையை வேர்டுக்குப் பிரதி செய்தால் கண்ணுக்குத் தெரிந்த எண்கள் மட்டுமே போகும். வாசகர் கூட்டினால் 102. இரண்டும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

இங்கே செய்யக்கூடாதவை இரண்டு. மொத்த வரிசையில் 102 என்று எழுதக்கூடாது, ஏனென்றால் மொத்தம் என்பது 180 இல் 180, அது 100 தான். அடுத்தது, எக்செலின் உயர்நிலை அமைப்புகளில் உள்ள Set precision as displayed என்ற தெரிவைத் தொடக்கூடாது. அது கலங்களில் நேரடியாக உள்ளிட்ட எண்களைக் காட்சியில் தெரியும் அளவுக்கே வெட்டிவிடும். பிறகு அந்தத் தெரிவை நீக்கினாலும் வெட்டிய தசமங்கள் திரும்பி வராது.

வாசகர் என்ன கூட்டுத்தொகையைக் காண்பார் என்று முன்கூட்டியே அறிய ஒரு வெற்றுக் கலத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=SUMPRODUCT(ROUND(100*B2:B7/SUM(B2:B7),0))
```

நம் கணக்குக்கு 102 என்று விடை வரும். 100 வந்தால், மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் போகலாம் என்று அட்டவணையின் கீழே குறிப்பு எதுவும் வேண்டாம். எல்லா அட்டவணையின் கீழும் அந்தக் குறிப்பை ஒட்டிவைத்தால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் யாரும் அதை வாசிக்கமாட்டார்கள்.

நான்காவது தவறு: உண்மையான பிழைக்கும் மட்டந்தட்டலையே காரணம் சொல்வது

இது மற்றத் தவறுகளைவிட ஆபத்தானது. மட்டந்தட்டலால் வரக்கூடிய வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வோர் எண்ணும் கடைசித் தானத்தில் அதிகபட்சம் அரை அலகுதான் மாறும். ஆகவே மொத்த வித்தியாசம் பிரிவுகளின் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டாது. ஆறு பிரிவுகள், முழு எண்கள் என்றால் 3. அந்த 3 கூட, ஆறு எண்களும் சரியாக .5 இல் முடிந்தால்தான் வரும், எனவே நடைமுறையில் எல்லை 2. ஒரு தசமதானம் என்றால் 0.2. ஆறு பிரிவுள்ள அட்டவணை 100.4 என்று வந்தால் அதற்கு மட்டந்தட்டல் காரணமாக இருக்கவே முடியாது.

எல்லைக்குள் இருந்தாலும் எல்லா வித்தியாசமும் ஒரே அளவு சாதாரணம் அல்ல. தசமப் பகுதிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுகின்றன என்று கொண்டால், ஆறு பிரிவுள்ள அட்டவணைகளில் 20 இல் 11 சரியாக 100 வரும். 99 அல்லது 101 வருவது 100 இல் 43 தடவை. 98 அல்லது 102 வருவது 60 இல் ஒரு தடவைதான். நம் எடுத்துக்காட்டு வேண்டுமென்றே அந்த அரிய வகையில் அமைத்தது. ஆகவே 101 ஐக் கண்டால் பதற வேண்டாம். 102 ஐக் கண்டால், குறிப்பு எழுதும் முன் எண்ணிக்கை நிரலை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

அந்த நிரல்தான் தீர்ப்பு. 55, 46, 37, 19, 12, 11 ஆகியவற்றைக் கூட்டினால் 180 வருகிறது, வகுத்ததும் 180 ஆல்தான். அப்படியென்றால் மட்டந்தட்டல். எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 176 ஆக இருந்து, வகுத்தது 180 ஆல் என்றால் நான்கு குடும்பங்களின் விடை விடுபட்டிருக்கிறது, சதவீதங்கள் 98 அளவில் நிற்கும். மட்டந்தட்டல் போலவே தோற்றமளிக்கும், ஆனால் அது அல்ல. "விடையளிக்கவில்லை" என்று ஒரு வரிசை சேர்க்க வேண்டும், அல்லது 176 ஆல் வகுத்து அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறுபக்கம், பெரும்போகத்தில் வேளாண்மையும் மற்ற மாதங்களில் வாவியில் மீன்பிடியுமாக வாழும் குடும்பத்தை இரண்டிலும் பதிந்திருந்தால் கூட்டுத்தொகை 130 கூட வரலாம். அதற்கு உரிய குறிப்பு "ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் அனுமதிக்கப்பட்டன" என்பதுதான். அந்த அட்டவணையில் மொத்த வரிசையே இருக்கக்கூடாது.

ஐந்தாவது தவறு: மட்டந்தட்டிய எண்களை வைத்து மேலும் கணக்குப் போடுவது

வேளாண்மையும் மீன்பிடியும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று விளக்கப் பந்தியில் எழுதும்போது 31 உம் 26 உம் சேர்த்து 57 என்று எழுதிவிடுவோம். உண்மையில் 101 குடும்பங்கள், அதாவது 56.1, மட்டந்தட்டினால் 56. எப்போதும் எண்ணிக்கைக்குத் திரும்பிப் போய்க் கணித்து, கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டந்தட்டுங்கள். 10.46 ஐ முதலில் 10.5 ஆக்கி, மேலிடத்து அறிக்கைக்கு அதையே 11 ஆக்கினால் 10 ஆக இருக்க வேண்டியது 11 ஆகிவிடும். பிரதேச செயலகத்திலிருந்து மாவட்டச் செயலகத்துக்கு எண்கள் ஏறும்போது இது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். மேலே அனுப்பும் படிவத்தில் சதவீதத்துடன் எண்ணிக்கையும் போக வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கட்டாயம் 100 வர வேண்டும் என்றால்

சில வேளைகளில் வேறு வழியில்லை. சதவீதத்தை வைத்தே ஏதாவது பங்கிடப்போகிறீர்கள், 102 சதவீதத்தைப் பங்கிட முடியாது. அப்போது நம் தேர்தல் முறையில் ஆசனம் பங்கிடும் வழியே உதவும். திகாமடுல்லையின் 7 ஆசனங்களோ மட்டக்களப்பின் 5 ஆசனங்களோ, போனஸ் ஆசனம் போக மற்றவை முதலில் முழு எண்ணாகப் பகிரப்பட்டு, எஞ்சும் ஆசனங்கள் அதிக மீதி உள்ள கட்சிக்குப் போகின்றன அல்லவா? அதையே செய்யுங்கள். தசமங்களை வெட்டினால் 30, 25, 20, 10, 6, 6, கூட்டினால் 97. இன்னும் 3 கொடுக்க வேண்டும். மீதி கூடியது அரச தொழில் (.667), அதற்கு ஒன்று. மிச்சம் இரண்டுக்கு நான்கு பிரிவுகள் ஒரே மீதியுடன் (.556) நிற்கின்றன. பெரிய பிரிவுக்கு முதலில் என்று முன்கூட்டியே விதி வைத்தால் வேளாண்மை 31, மீன்பிடி 26. முடிவு 31, 26, 20, 10, 7, 6. கூட்டுத்தொகை 100.

அதற்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். 25.556 என்பது 26 ஆயிற்று, 20.556 என்பது 20 ஆயிற்று. தசமப் பகுதி ஒன்றேயான இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. கூலித் தொழில் செய்வோரின் சங்கத்திலிருந்து ஒருவர் 37 ஐ 180 ஆல் வகுத்துவிட்டு வந்து கேட்டால், விதியை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். பணத்தைப் பங்கிடுவதானால் சதவீதத்தையே விட்டுவிட்டு, குடும்ப எண்ணிக்கையால் நேரே ரூபாயைப் பெருக்கி வகுப்பது நல்லது. அங்கே எஞ்சுவது சில ரூபாய்களே.

மற்ற எல்லா அறிக்கைகளிலும், வளாகத்து ஆய்வுக் கட்டுரையோ நிறுவன அறிக்கையோ, எண்களை வந்தபடியே விடுங்கள். மொத்த வரிசையில் "100" என்றும் பக்கத்தில் "180 குடும்பங்கள்" என்றும் போட்டு, அட்டவணைக்கு நேர் கீழே சிறிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: "சதவீதங்கள் தனித்தனியே முழு எண்ணுக்கு மட்டந்தட்டப்பட்டுள்ளதால் அவற்றின் கூட்டுத்தொகை 100 ஆக அமையாதிருக்கலாம்." அறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவருவதாக இருந்தால் ஒரே எக்செல் தாளிலிருந்து மூன்று மொழிக்கும் எண்களை எடுங்கள். தமிழில் 30.6 உம் சிங்களத்தில் 31 உம் இருந்தால், எந்தக் குறிப்பு போட்டாலும் கூட்டத்தில் அந்தக் கேள்வி வரும்.