மலிவான ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் விளையாட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 1 அல்லது 2 ஜிபி ரேம் கொண்ட ஆண்ட்ராய்டு ஸ்டிக், சீட்டாட்டம், புதிர் போன்ற எளிய விளையாட்டுகளையும், ரெட்ரோஆர்ச் செயலியின் வழியாக சூப்பர் நின்டெண்டோ காலத்து 16-பிட் விளையாட்டுகளையும் பெரும்பாலும் தடையின்றி இயக்கிவிடும். பெரிய முப்பரிமாண விளையாட்டுகளை அதில் எதிர்பார்க்க வேண்டாம். 8 ஜிபி சேமிப்பகத்தில் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக எஞ்சும் இடமே அவற்றுக்குப் போதாது.

பலரும் ஸ்டிக்கின் வேகத்தைக் குறை சொல்வார்கள். ஆனால், படம் தடையின்றி ஓடியும், பொத்தானை அழுத்திய சற்று நேரம் கழித்தே பாத்திரம் குதிக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. முதலில், ஸ்டிக் செருகப்பட்டுள்ள எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்குத் தொலைக்காட்சியின் படம் சார்ந்த அமைப்புகளில் கேம் மோடை இயக்குங்கள். படத்தை மெருகேற்றத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம் அதனால் குறையும். பிறகும் தாமதம் நீடித்தால், ஓடிஜி கேபிள் மூலம் கம்பியுள்ள கேம்பேடை இணைத்துப் பாருங்கள். அப்போது தாமதம் மறைந்தால், குற்றவாளி புளூடூத் இணைப்பே. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்வதால், ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி, சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளால் அதைத் தொலைக்காட்சியின் பின்புறத்திலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் திணறத் தொடங்கினால் அது சூட்டின் விளைவு. அதற்கும் இந்த நீட்டிப்புக் கேபிள் ஓரளவு உதவும்.