பான்ட்ரி படத்தில் கோடுகள் பிசகும் இடங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. 3 மீற்றர் சுவர் ஒன்றில் முழுப் பான்ட்ரியும் அமைய வேண்டும். இடமிருந்து வலமாக 600 மில்லிமீற்றர் அகலத்தில் உயர அலுமாரி, 900 கீழ் அலுமாரி, 600 அடுப்பு, மீண்டும் ஒரு 900. வேலை தொடங்கும் முன் இதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் படமாக்கி வீட்டுக்காரரிடம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதே படம் கைபேசி வழியாகத் தச்சு பாஸிடமும் போய்ச் சேர்கிறது என்பதால்தான் அதிலுள்ள கோணல்களைச் சிறிய விடயமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

முதல் தவறு, அளவுகளை எழுத்தில் கொடுத்து நேராக வரும் என்று எதிர்பார்ப்பது. “உயர அலுமாரியின் மேல்விளிம்பும் மேல் அலுமாரிகளின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில்” என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும் மென்பொருள் அளந்து வரைவதில்லை. அதற்குக் கோட்டுப் படம் வேண்டும். ஸ்கெச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வெறும் பெட்டிகளாக அடுக்கி, Camera பட்டியலில் Parallel Projection தெரிவுசெய்து, சுவரை நேர் எதிரே பார்த்தபடி கறுப்புக் கோடுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த படத்தின் அமைப்பைப் பின்பற்றி வரையச் செய்யும் துணைக்கருவி கொன்ட்ரோல்நெட். அந்தப் படத்தை அதிலுள்ள MLSD என்ற முறை வழியாகக் கொடுத்தால், அது நேர்கோடுகளை மட்டும் பிரித்தெடுத்து அவற்றையே பின்பற்றச் செய்கிறது. மூலையிலிருந்து அகன்ற கோணத்தில் பார்க்கும் படம் கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அதில் உயர அலுமாரி சாய்ந்தால் அது பார்வைக் கோணத்தின் விளைவா, பிழையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டாவது தவறுதான் அதிகப் படங்களைக் கெடுக்கிறது: டைல்களையும் மென்பொருளிடமே விட்டுவிடுவது. காரணம் எளிய கணக்கு. எஸ்டிஎக்ஸ்எல் போன்ற படம் உருவாக்கும் மென்பொருள்கள் 1024 பிக்சல் அளவில் வரைகின்றன. 3 மீற்றர் சுவர் அந்த அகலம் முழுவதையும் நிரப்பினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். டைல்களுக்கு இடையேயான 2 மில்லிமீற்றர் கோடு ஒரு பிக்சலுக்கும் குறைவு. போதாததற்கு, இவை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கியே உள்ளே கையாள்கின்றன. 75 மில்லிமீற்றர் உயரமுள்ள சிறு டைல் அங்கே மூன்று கட்டங்கள்தான். அதனால்தான் இடப்பக்கம் எட்டு வரிசையாகத் தொடங்கும் டைல், அடுப்பைத் தாண்டியதும் ஏழாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, மேடைக்கு மேலுள்ள சுவரை டைல் இல்லாமல் வெறும் வெள்ளையாக உருவாக்கச் செய்வது. மேல் அலுமாரியின் நிழலும் விளக்கின் ஒளியும் அந்த வெள்ளையில் இயல்பாக விழும். பிறகு படத் தொகுப்பு மென்பொருளில், சரியான அளவில் வரைந்த டைல் கட்டத்தை அதன்மேல் Multiply முறையில் வைத்தால் நிழல் கெடாமல் டைல் வந்துவிடும். மேடையில் போத்தல், கேத்தல் எதையும் வைக்காதீர்கள். அவற்றைச் சுற்றி வெட்டுவது வீண்வேலை. டைல் ஒட்டிய படத்தை மெருகேற்ற மறுபடியும் மென்பொருளுக்குள் அனுப்பவே கூடாது. அதே எட்டு பிக்சல் கட்டங்கள் டைல் கோடுகளை மீண்டும் கலைத்துவிடும்.

மூன்றாவது, ஒழுங்காகத் தெரிவதாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும் தவறு. மேடை 850 உயரத்தில், மேல் அலுமாரிகளின் அடி 1450 இல். நடுவிலுள்ள 600 இடைவெளியில் 300 உயர டைல் இரண்டு வரிசை வெட்டாமல் பொருந்துகிறது. மென்பொருள் புகைபோக்கியின் அடியையும் அதே 1450 கோட்டில் வைத்துவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் எரிவாயு அடுப்புக்கு மேல் பொதுவாக 650 முதல் 750 வரை இடைவெளி கேட்கிறார்கள். சரியான அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். 700 என்று வைத்தால் புகைபோக்கியின் அடி 1550 க்குப் போக வேண்டும், அதாவது பக்கத்து அலுமாரிகளைவிட 100 மேலே. இந்தப் படிநிலையைக் கோட்டுப் படத்திலேயே அழுத்தமாக வரைந்துவிடுங்கள். அடுப்புக்குப் பின்னால் டைல் 1450 இல் நின்றுவிடாமல் புகைபோக்கிக்குப் பின்னே ஏறிச் செல்ல வேண்டும். இல்லையென்றால் அங்கே 100 மில்லிமீற்றர் வெறும் சுவர் தெரியும்.

சரிபார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கி, 1450 இல் ஒரு கிடைக்கோடும் அடுப்பின் நடுவில் ஒரு நிலைக்கோடும் போடுங்கள். கிடைக்கோடு இரு பக்க மேல் அலுமாரிகளின் அடியையும் டைல் இணைப்பையும் ஒருசேரத் தொட வேண்டும். நிலைக்கோடு புகைக்குழாயின் நடுவே போக வேண்டும். குழாய் சில பிக்சல்கள் விலகினாலும் கண்ணுக்கு உறுத்தும். பிறகு கதவுகளை எண்ணி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 900 அலுமாரிக்கு இரண்டு கதவு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வருவது சாதாரணம். மின்செருகித் துளைகளையும் பாருங்கள். நம் நாட்டு 13 அம்பியர் சதுர ஊசிக்குப் பதிலாக வட்டத் துளைகளை வரைந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அழித்து, சரியான துளைகள் உள்ளதை ஒரு டைலின் நடுவில் வரும்படி வைத்துவிடுங்கள்.