சின்னக் காந்தம் எந்தப் பக்கம் போகும்? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் படிவ மாணவர்கள் அடிக்கடி எழுதும் வரி: "புலம் வலுவாக இருக்கும் இடத்தில் விசையும் அதிகம்." அப்படி இல்லை. சீரான புலம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் சின்னக் காந்தத்தைத் திருப்பிவிடுமே தவிர இழுக்காது, ஏனென்றால் வட முனையை இழுக்கிற அளவுக்குத் தென் முனையை எதிர்ப்பக்கம் தள்ளும். மிச்ச விசை வேண்டுமென்றால் புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். சுருளின் அச்சில், புலத்தோடு ஒரே திசையில் நிற்கும் காந்தத்துக்கு F = m (dB/dz), அவ்வளவுதான்; இங்கே m காந்தத்தின் திருப்புத்திறன், dB/dz புலத்தின் சரிவு, அதாவது தூரத்தோடு புலம் மாறும் வேகம்.

கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளில் செப்புக் கம்பி வாங்கி, 5 செ.மீ. ஆரத்தில் 100 சுற்றுச் சுருள் செய்து 1 ஆம்பியர் விடுங்கள். நடுவில் புலம் சுமார் 1.26 மில்லிடெஸ்லா, அதுதான் உச்சம், ஆனால் அங்கே சரிவு பூஜ்யம், விசையும் பூஜ்யம். விசை உச்சமாவது நடுவிலிருந்து அரை ஆரம் தள்ளி, அதாவது 2.5 செ.மீ. தூரத்தில். அங்கே புலம் 0.9 மில்லிடெஸ்லாவாகக் குறைந்துவிட்டது, சரிவோ மீட்டருக்கு 0.0216 டெஸ்லா. 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் வில்லைக்கு m சுமார் 0.0375 A·m², ஆகவே விசை 0.8 மில்லிநியூட்டன். வில்லையை உயரமான பிளாஸ்டிக் தாங்கியில் ஒட்டி நகைத் தராசில் வைத்து, சுருளை மேலே பிடித்தால் எடை 0.08 கிராம் குறையும். தாங்கி குட்டையாக இருந்தால் தராசுக்குள் இருக்கும் இரும்பையும் காந்தம் இழுக்கும், அப்புறம் எண்ணை நம்ப முடியாது.

இப்போது மின்னோட்டத்தைத் திருப்புங்கள், எடை 0.08 கிராம் கூடும், அதாவது காந்தம் வலுவற்ற பக்கம் தள்ளப்படுகிறது. ஆனால் ஒட்டாமல் விட்டிருந்தால் இது தெரியவே தெரியாது: காந்தம் சட்டென்று புரண்டு, திசை ஒத்துப்போனதும் வலுவான பக்கமே ஓடும். காந்தம் எப்போதும் வலுவான இடத்துக்கே போகும் என்று பலர் நினைப்பது இதனால்தான். விசைக்கு முன்னால் திருப்புவிசையைப் பார்க்க வேண்டும், திரும்ப இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரும்புத் துண்டுக்கும் இதே கணக்கைப் போடுவது இன்னொரு தவறு. அதற்குச் சொந்த m கிடையாது, புலம்தான் உண்டாக்குகிறது, அதனால் மின்னோட்டத்தைத் திருப்பினால் m-உம் கூடவே திரும்பும், இழுப்பு மாறாது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் நிலைக்காந்தத்தின் விசை பாதியாகும், இரும்பின் விசை கால்வாசியாகும். (இதே சுருளில் முயற்சிக்க வேண்டாம், 5 மி.மீ. இரும்புக் குண்டுக்கு 0.3 மில்லிகிராம் அளவுதான் வரும், நகைத் தராசு அசையாது.)

தண்ணீர், கிராஃபைட் போன்றவற்றில் உண்டாகும் m புலத்துக்கு எதிராக இருக்கும், அதனால் அவை வலுவற்ற பக்கம் நகரும். புரண்டுவிடாதா என்றால், புரள்வதற்கு அந்த m பொருளோடு ஒட்டியிருக்கவில்லை, துண்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அது புலத்துக்கு எதிராகவே மறுபடி உண்டாகும்.